எட்டு விளக்குகள்

ஜனவரி விடியலில் டெல்லி விமான நிலையத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. நாம் ஏற வேண்டிய விமானத்தின் மூக்கு தெரிகிறது, வால் தெரியவில்லை. அறிவிப்புப் பலகையில் வரிசையாகத் ‘தாமதம்’ என்று எரிகிறது. அப்போது பக்கத்து கேட்டில் ஆட்களை ஏற்றுகிறார்கள். கால்மணி நேரத்தில் அந்த விமானம் பின்னால் தள்ளப்பட்டு, வெள்ளைக்குள் கரைந்து, எங்கோ தொலைவில் உறுமிக்கொண்டு மேலே போய்விடுகிறது. நம் கேட்டில் நிற்கும் பெண்ணைச் சுற்றிக் கூட்டம் சேர்கிறது. “அவங்க போறாங்க, நீங்க ஏன் போகல?”

கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பெண்ணால் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. பனி எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்குள் யார் போகலாம் என்பதற்கான கோடு மட்டும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வோர் இடத்தில் போடப்பட்டிருக்கிறது. ஓடுபாதை, விமானத்தின் வகை, அதை ஓட்டுகிற இருவர், போய்ச் சேர வேண்டிய ஊர் என்று பல விஷயங்கள் சேர்ந்து அந்தக் கோட்டின் இடத்தைத் தீர்மானிக்கின்றன.

கங்கைச் சமவெளியின் மூடுபனி பெரும்பாலும் தரையிலேயே பிறக்கிறது. மேற்கிலிருந்து வரும் மழைமண்டலம் ஒன்று நிலத்தை நனைத்துவிட்டுப் போகும். அடுத்த இரவு வானம் துடைத்ததுபோல் இருக்கும், காற்று அசையாது. தரை தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டுக் குளிரும்போது அதை ஒட்டிய ஈரக்காற்று நீர்த்துளிகளாகிறது. நகரத்தின் புகையும் தூசியும் அந்தத் துளிகளுக்கு விதைகளாகின்றன. விதைகள் அதிகமானால் துளிகள் சிறியவையாகவும் எண்ணிக்கையில் மிகுதியாகவும் ஆகும். அப்போது வெளிச்சம் இன்னும் மோசமாகச் சிதறும். இந்தப் பனியைப் புரிந்துகொள்வதற்கென்றே புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், இந்திய வானிலைத் துறையுடன் சேர்ந்து 2015-இல் டெல்லி விமான நிலையத்திலேயே கருவிகளை நிறுவி ஆய்வைத் தொடங்கியது.

பனி எவ்வளவு அடர்த்தி என்பதை ஜன்னல் வழியே பார்த்து நாம் சொல்லிவிடுகிறோம். விமான நிலையம் அப்படிச் சொல்வதில்லை. அங்கே கணக்கில் வருவது ‘ரன்வே விஷுவல் ரேஞ்ச்’. விமானத் துறையில் எல்லோரும் ஆர்.வி.ஆர். என்றே சொல்கிறார்கள். ஓடுபாதையின் நடுக்கோட்டில் நிற்கும் விமானத்தின் விமானிக்கு, பாதையில் வரைந்துள்ள கோடுகளோ அதன் விளக்குகளோ எவ்வளவு தூரம்வரை தெரியும் என்பதே அந்த எண். ஓடுபாதையின் ஓரத்தில், நடுக்கோட்டிலிருந்து 120 மீட்டருக்குள், மூன்று இடங்களில் இதை அளக்கிறார்கள்: விமானம் தரைதொடும் முனை, நடுப்பகுதி, மறுமுனை.

அளக்கும் கருவியின் பெயர் டிரான்ஸ்மிசோமீட்டர். ஒரு கம்பத்திலிருந்து ஒளிக்கற்றை புறப்பட்டுச் சில பத்து மீட்டர் தள்ளியுள்ள இன்னொரு கம்பத்தை அடைகிறது. வழியில் பனி எவ்வளவு ஒளியைத் தின்றது என்று கருவி கணக்கிடுகிறது. கம்பங்களுக்கு இடையே 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பிய ஒளியில் நூறில் பதினாறு, பதினேழு பங்குதான் வந்து சேர்ந்தது என்றால், விளக்கில்லாத பொருள்கள் அந்தப் பனியில் சுமார் 50 மீட்டர் வரைக்கும்தான் தெரியும். இந்தியாவின் பல விமான நிலையங்களில் இன்று நிற்பது ‘திருஷ்டி’ என்ற கருவி. பெங்களூரிலுள்ள தேசிய வான்வெளி ஆய்வகம் உருவாக்கியது. 25 மீட்டருக்கும் குறைந்த பார்வைத் தூரத்தைக்கூட அதனால் அளக்க முடியும்.

ஆனால் ஒளி எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது மட்டுமே ஆர்.வி.ஆர். ஆகிவிடாது. விமானி பார்ப்பது விளக்குகளை. ஆகவே ஓடுபாதை விளக்குகளை எவ்வளவு பிரகாசத்தில் வைத்திருக்கிறார்கள், பின்புலம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே கணினி அந்த எண்ணைத் தருகிறது. இருட்டில் அகல்விளக்கு தெருக்கோடியிலிருந்து தெரியும். அதே விளக்கு நண்பகலில் பக்கத்தில் போனால்தான் தெரியும். அதுபோலத்தான் இதுவும். பனியின் அடர்த்தி கொஞ்சமும் மாறாவிட்டாலும் இரவு ஆர்.வி.ஆர். பகலைவிட இருமடங்காக, சில சமயம் அதற்கும் மேலாக இருக்கும்.

பயணிகளைக் குழப்பும் ஒரு விஷயம் இங்கிருந்துதான் வருகிறது. “விடிஞ்சா சரியாயிடும்” என்று நாம் நினைக்கிறோம். விடியும்போதுதான் பல நாள் நிலைமை மோசமாகிறது. சூரியன் எழுந்ததும் புல்லில் கிடந்த பனித்துளி ஆவியாகிக் காற்றில் சேர்கிறது. தரைக்காற்று லேசாகக் கலங்கி, தாழ்வாகக் கிடந்த பனியைக் கிளறி உயர்த்துகிறது. வானம் வெளுத்ததும் விளக்குகள் பின்புலத்தோடு கலந்து மங்குகின்றன. மூன்றும் சேர்ந்து, ஐந்து மணிக்கு 200 மீட்டராக இருந்த எண்ணை ஏழு மணிக்கு 100-க்கு இறக்கிவிடலாம். தரை சூடேறிப் பனி கலையப் பத்து, பதினொன்று மணிகூட ஆகும்.

கைபேசியில் வானிலை அறிக்கை பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்காக ஒரு மாதிரி வரி. இதன் அமைப்பைக் காட்டுவதற்காக நானே எழுதியது:

```
VIDP 010100Z 00000KT 0050 R28/0175D R29L/0125N FG VV/// 08/08 Q1019
```

டெல்லி, முதல் தேதி, நம் நேரம் காலை 6:30. காற்று இல்லை. பொதுவான பார்வைத் தூரம் 50 மீட்டர். ஆனால் 28-ஆம் ஓடுபாதையில் ஆர்.வி.ஆர். 175, பக்கத்திலுள்ள `D` அது குறைந்துகொண்டிருக்கிறது என்கிறது. 29 இடது ஓடுபாதையில் 125, மாற்றமில்லை. வெப்பநிலையும் பனிப்புள்ளியும் எட்டு, எட்டு. காற்று ஈரத்தால் நிரம்பிவிட்டது. கூடவே இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த அறிக்கையில் வரும் ஆர்.வி.ஆர். பத்து நிமிடச் சராசரி. கட்டுப்பாட்டு அறை விமானியிடம் சொல்வது ஒரு நிமிடச் சராசரி. ஆகவே கைபேசியில் 125 என்று படித்துவிட்டுக் கோபப்படும் பயணிக்குக் கிடைத்த எண்ணும், அந்த நொடியில் விமானி கேட்ட எண்ணும் வேறாக இருக்கலாம். 400 மீட்டருக்குக் கீழே எண் 25 மீட்டர் படிகளில்தான் அறிவிக்கப்படுகிறது. 125-க்கு அடுத்து 100. இடையில் எதுவும் கிடையாது.

இந்த 125-இல்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். டெல்லியில் பெரும்பாலான விமானங்கள் மேலெழும்பத் தேவையான குறைந்தபட்ச ஆர்.வி.ஆர். இதுவே. ஆனால் தரையிறங்குவதற்கு, தகுதியுள்ள ஏர்பஸ் 320 ஒன்றுக்கு 75 மீட்டர் போதும். மிகக் குறைந்த பார்வையில் இறங்குவதற்கான ‘கேட்-3பி’ வகை ஓடுபாதையில் விதி 50 மீட்டர் வரை இடம் தருகிறது. ஆர்.வி.ஆர். 100 என்றால் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கிக்கொண்டிருக்கும், புறப்பட வேண்டியவை மட்டும் அசையாமல் நிற்கும். முதன்முறை கேட்கும்போது தலைகீழாகத் தோன்றுகிறது. இறங்குவதுதானே கடினம்?

கண்ணால் செய்தால் கடினம்தான். அதனால்தான் அந்தப் பனியில் இறங்குவதைக் கண்ணிடம் ஒப்படைப்பதில்லை. ஓடுபாதையின் மறுமுனைக்கு அப்பால் நிற்கும் லோக்கலைசர் என்ற ஆன்டெனா வரிசை, நடுக்கோட்டை வானில் ரேடியோ அலையால் நீட்டி வரைகிறது. தரைதொடும் இடத்தருகே நிற்கும் இன்னொன்று சரிவுப் பாதையை வரைகிறது. இரண்டும் சேர்ந்ததே ஐ.எல்.எஸ். ஏர்பஸ் 320-இல் இரண்டு தானியங்கி விமானிகளும் ஒரே சமயத்தில் இயங்குகின்றன. தரையிலிருந்து 100 அடிக்குக் கீழே வந்தபின் ஒன்று பழுதானாலும் மற்றது தரையிறக்கி, நடுக்கோட்டிலேயே ஓட்டி, வேகத்தைக் குறைத்துவிடும். இறங்கும் கணத்தில் விமானி எதையும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த வகையில் இல்லை. மூக்குச் சக்கரம் தரையைத் தொட்டபின் முதல் விளக்கைப் பார்க்கிற விமானிகள் உண்டு.

மேலெழும்பும்போது அந்த உதவி இல்லை. இன்று நம் வானில் பறக்கும் விமானங்களில் ஓடுபாதையில் ஓடி வேகமெடுக்கும் அந்த அரைநிமிடமும் கேப்டனின் கண்ணும் காலும்தான் விமானத்தை நேராக வைத்திருக்கின்றன. அவர் பார்ப்பது நடுக்கோட்டு விளக்குகளை. அவை 15 மீட்டருக்கு ஒன்றாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. 125 மீட்டரில் எட்டு விளக்குகள் வரும். ஆனால் விமானத்தின் மூக்கு முதலிரண்டை மறைத்துவிடும். இருக்கையிலிருந்து 90 மீட்டராவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஐரோப்பிய விதி கேட்கிறது. அதாவது ஆறு விளக்குகள்.

ஆறு விளக்குகளை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பாருங்கள். தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் வேகம் சுமார் 140 நாட். நொடிக்கு 72 மீட்டர். 125 மீட்டர் என்பது ஒன்றே முக்கால் நொடிப் பயணம். அதற்குச் சற்று முன் ஒரு எஞ்சின் நின்றால் விமானம் அந்தப் பக்கமாக வெட்டி இழுக்கும். கேப்டன் காலால் எதிர்த்து மிதித்து, கோட்டுக்குத் திரும்பி, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டும். நிறுத்தினால் மீதிப் பாதை எவ்வளவு என்பதையும் விளக்குகளே சொல்கின்றன. கடைசி 900 மீட்டரில் நடுக்கோட்டு விளக்குகள் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும். கடைசி 300 மீட்டரில் எல்லாம் சிவப்பு. விளக்குகள் ஐந்தாகவோ நான்காகவோ குறைந்தால், விலகத் தொடங்கியதே தெரியாமல் ஓரத்துக்குப் போய்விட நேரும். 125 என்ற எண் அந்த இழுப்பைத் திருத்தத் தேவையான நேரத்தைக் குறிக்கிறது. விமானியின் கண்ணெதிரே கண்ணாடியில் வழிகாட்டும் கோடு காட்டும் கருவி பொருத்தப்பட்டு, அதற்கான அனுமதியும் பெற்ற விமானங்கள் சில நாடுகளில் 75 மீட்டரிலும் கிளம்புகின்றன.

விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் விதியில் பதில் உண்டு. சாதாரண நாளில் மின்சாரம் போனால் மாற்று மின்சாரம் 15 நொடியில் வந்தால் போதும். இந்த நிலைமையில் நடுக்கோட்டு விளக்குகளுக்கு ஒரே நொடிதான் அவகாசம்.

அடுத்து விமானமும் அதை ஓட்டுகிறவர்களும். போயிங் 737-களில் பலவற்றின் தானியங்கி அமைப்பு, பழுதானால் விமானத்தை நிலைகுலைய விடாமல் விலகிக்கொள்ளும். அதன்பின் இறக்க வேண்டியது விமானிதான். ஆகவே 50 அடி உயரத்தில் அவர் கண்ணுக்கு விளக்கு தெரிந்தாக வேண்டும், ஆர்.வி.ஆர். 175 அளவிலாவது இருக்க வேண்டும். சிறு நகரங்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். போன்ற டர்போப்ராப் விமானங்கள் தாமாகத் தரையிறங்கும் வகையல்ல. அவற்றின் வரம்பு நூற்றுக்கணக்கான மீட்டரில் நிற்கிறது. சாதாரண கேட்-1 முறைக்கு 550 மீட்டர், கேட்-2-க்கு 300 என்பது உலகெங்கும் பழகிய கணக்கு.

விமானம் தகுதி பெற்றிருந்தாலும் இருக்கையில் இருப்பவர்கள் பெற்றிருக்க வேண்டும். கேப்டனும் துணை விமானியும் சிமுலேட்டரில் பயிற்சி பெற்று, அதைக் காலம் தவறாமல் புதுப்பித்திருக்க வேண்டும். புதிதாகக் கேப்டனானவருக்கு வரம்பு சற்று உயர்த்தி வைக்கப்படும். 2023 டிசம்பர் கடைசியில் டெல்லியின் பனியில் ஏராளமான விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. விசாரித்தபோது, அடர்பனி எதிர்பார்க்கப்பட்ட நேரத்துக்குக் கேட்-3 பயிற்சி இல்லாத விமானிகளை அனுப்பியிருந்தது தெரியவந்தது. 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இரண்டு நிறுவனங்களுக்குத் தலா 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்த நாள்களில் பயணிகளிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? “பனி” என்றுதான். அது பாதி உண்மை. பயணி கேட்கத்தக்க கேள்வி இங்கே ஒன்று இருக்கிறது: இந்த விமானமும் இதன் குழுவும் கேட்-3 தகுதி பெற்றவையா? நேர்மையான பதிலை அவருக்குச் சொல்லியாக வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

எல்லாரும் தகுதி பெற்றிருந்தாலும் வரிசை மெதுவாகத்தான் நகரும். அதற்குக் காரணம் தரையில் இருக்கிறது. ஆர்.வி.ஆர். 550-க்குக் கீழே போனால் ‘குறைந்த பார்வை நடைமுறை’ அமலுக்கு வந்துவிடும், அறிவிப்புகளில் எல்.வி.பி. என்று வருவது இதுதான். லோக்கலைசர் அனுப்பும் அலை, வழியில் நிற்கும் பெரிய உலோக உடலில் பட்டு வளையும். தெளிந்த வானில் அந்தச் சின்ன வளைவை விமானி கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்வார். பார்க்காமல் இறங்கும் விமானமோ அலை வளைந்தால் தானும் வளையும். ஆகவே ஓடுபாதையைச் சுற்றிய ஒரு பெரிய பரப்பைக் காலியாக வைத்திருக்க வேண்டும். புறப்படக் காத்திருக்கும் விமானங்கள் வழக்கமான கோட்டுக்கு வெகு பின்னால் நிறுத்தப்படும். முன்னால் இறங்கியது அந்தப் பரப்பைவிட்டு முழுவதும் வெளியேறிய பின்னரே, முன்னால் கிளம்பியது லோக்கலைசர் ஆன்டெனாவைக் கடந்து பறந்த பின்னரே, அடுத்தது கடைசி இரண்டு மைலுக்குள் வரலாம்.

இதற்கு இடைவெளி வேண்டும். இறங்கும் வேகம் 140 நாட் என்றால், நான்கு கடல்மைல் இடைவெளியில் வரும் விமானங்கள் ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு ஒன்றாக இறங்கும். இடைவெளியைப் பத்து மைலாக்கினால் நாலேகால் நிமிடத்துக்கு ஒன்று. அதே ஓடுபாதையில் ஒரு மணி நேரத்தில் முப்பத்துச் சொச்சம் இறங்கிய இடத்தில் பதினான்குதான் இறங்க முடியும். மீதி இருபதும் எங்கோ காத்திருக்க வேண்டும்.

இறங்கியதும் வேலை முடிவதில்லை. வாசல்வரை வருவதுதான் எனக்கு மிகவும் அச்சம் தரும் பகுதி. கோபுரத்திலிருந்து பார்க்கும் கட்டுப்பாட்டாளருக்குக் கீழே எதுவும் தெரியாது. தரை ரேடார் திரையில் புள்ளிகளாகத்தான் விமானங்களைப் பார்க்கிறார். டாக்ஸிவேயில் பச்சை விளக்குகள் வழிகாட்டுகின்றன, ஓடுபாதைக்குள் நுழையும் இடங்களில் ‘ஸ்டாப் பார்’ எனும் சிவப்பு விளக்கு வரிசை தடுக்கிறது, தேவையானால் ‘ஃபாலோ மீ’ ஜீப் முன்னால் போகிறது. இவை ஒவ்வொன்றும் ஏன் வேண்டும் என்பதை மிலானின் லினாட்டே விமான நிலையம் உலகுக்குக் காட்டியது.

2001 அக்டோபர் 8. காலை எட்டு மணி கடந்திருந்தது, அடர்பனி. சிறிய செஸ்னா சைட்டேஷன் ஒன்று மேற்குப் பக்கத்திலிருந்து புறப்பட வேண்டும். வடக்கே சுற்றிப் போகும் ஆர்-5 வழியாக வரச் சொன்னார்கள். அது ஓடுபாதையைக் குறுக்கே வெட்டும் ஆர்-6 வழியில் திரும்பிவிட்டது. போகும்போது தரையில் கண்ட ‘எஸ்-4’ என்ற குறியை விமானி ரேடியோவில் சொன்னார். அந்தக் குறி எங்கே இருக்கிறது என்பது கட்டுப்பாட்டாளருக்குத் தெரியவில்லை. பழைய தரை ரேடாரை எடுத்துவிட்டிருந்தார்கள். புதியது இன்னும் வேலைக்கு வரவில்லை. அதே நேரத்தில் எஸ்.ஏ.எஸ். நிறுவனத்தின் எம்.டி.-87 விமானம், உரிய அனுமதியோடு, ஓடுபாதையில் முழுவேகத்தில் வந்துகொண்டிருந்தது. செஸ்னாவில் மோதி, தடம்புரண்டு, பயணப் பெட்டிகளைக் கையாளும் கட்டடத்தில் போய் முட்டியது. அதிலிருந்த 110 பேரும், செஸ்னாவில் நால்வரும், கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த நால்வரும் இறந்தார்கள். அந்தப் பார்வைத் தூரத்தில் இயங்க செஸ்னாவின் விமானிகளுக்குத் தகுதி இல்லை என்பது பின்னர்தான் வெளிவந்தது. யாரும் அவர்களிடம் கேட்டிருக்கவில்லை. இன்று டாக்ஸிவேயில் விமானம் ஊர்ந்து போகும்போது நமக்கு எரிச்சல் வருகிறது. அந்த ஊர்தலின் பின்னால் இந்த 118 பேர் இருக்கிறார்கள்.

இப்போது முதலில் பார்த்த கேட்டுக்கே திரும்பி, அந்தக் காலையை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். நிலைமையை விளக்க நான் அமைத்துக்கொண்ட காலை இது. இதில் வரும் காரணங்கள் எல்லாம் பனிக்காலத்தில் வழக்கமாக நடப்பவை.

மணி 6:30. மூன்று கருவிகளும் 125, 150, 125 என்கின்றன. சென்னைக்குப் போகும் ஏர்பஸ் 320-இன் குழுவுக்குத் தகுதி உண்டு, சென்னையில் வானம் தெளிவு. கிளம்பியதும் எஞ்சின் பழுதானால் இந்தப் பனிக்குத் திரும்புவதை நம்பிப் புறப்பட முடியாது. ஒற்றை எஞ்சினில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய வேறொரு திறந்த விமான நிலையத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். ராஜஸ்தானில் பனியில்லாத ஓர் ஊர் கிடைத்தது. அது புறப்படுகிறது. நாம் பார்த்த பக்கத்து கேட் அதுதான்.

நம் கேட்டில் நிற்பதும் அதே வகை ஏர்பஸ்தான், அதே நிறுவனத்தினுடையது. ஆனால் போக வேண்டியது பாட்னாவுக்கு. பாட்னாவில் கேட்-3 கருவி கிடையாது, அங்கும் பனி. டெல்லியிலிருந்து கிளம்புவதற்குத் தடை ஏதுமில்லை, போய் இறங்க இடமில்லை. மேலே போய் வட்டமடித்து எரிபொருளைத் தீர்ப்பதைவிடக் கேட்டிலேயே நிற்பது நல்லது.

மூன்றாவது பெங்களூருக்கு. அதன் கேட்டில் விமானமே இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு மும்பையிலிருந்து வந்துகொண்டிருந்த விமானம் இறங்க முடியாமல் அகமதாபாத்துக்குப் போய்விட்டது. அங்கே அதன் குழுவின் பணிநேரம் முடிந்துபோனது. மாற்றுக் குழு வந்து, எரிபொருள் நிரப்பி, டெல்லியின் எண் உயரும்வரை காத்திருந்து, பிறகுதான் புறப்படும். வடக்கே அடர்பனி பரந்திருக்கும் இரவுகளில் ஜெய்ப்பூரும் லக்னோவும் அமிர்தசரஸும்கூட மூடிக்கொள்ளும். திறந்திருக்கும் ஓரிரு ஊர்களில் நிறுத்த இடமே தீர்ந்துபோகும். பனி கலைந்து வெயில் அடிக்கும் பகல் இரண்டு மணிக்கும் தாமதம் தொடர்வதற்கு இதுதான் காரணம்.

6:52-க்கு நடுப்பகுதிக் கருவி 100-க்கு இறங்குகிறது. புறப்பாட்டுக்கு மூன்று இடங்களிலும் 125 இருக்க வேண்டும். ஓடுபாதை வாசலில் முதலாவதாக நின்ற விமானம் அப்படியே நிற்கிறது. எதிரே ஒவ்வொன்றாக இறங்குகின்றன. உள்ளே இருக்கும் பயணிகளுக்கு இது புரியாமல் கோபம் கொதிக்கிறது. சில சமயம் குறை கருவியிலும் இருக்கலாம். ஒளி புறப்படும் கண்ணாடியில் தூசி படிந்தாலும் சிலந்தி வலை கட்டினாலும் எண் பொய்யாகக் குறையும். மற்ற இரண்டும் 200 காட்டும்போது ஒன்று மட்டும் 100-இலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், இறங்கிய விமானிகளும் அந்த இடத்தில் விளக்குகள் நன்றாகத் தெரிந்தன என்று சொன்னால், ஆள் போய்த் துடைத்துப் பார்ப்பார்கள். ஆனால் சரிபார்க்கும்வரை அந்த எண்தான் சட்டம்.

7:40-க்கு எல்லாம் 50-க்குச் சரிகின்றன. ஏர்பஸுக்கும் வழியில்லை. 1000 அடிக்குக் கீழே வந்துவிட்ட விமானம் தொடரலாம். மேலே இருப்பது அதற்குக் கீழே வரக்கூடாது. 2024 ஜனவரி 14 அன்று டெல்லியில் இப்படித்தான் ஆனது. கேட்-3 ஓடுபாதையிலேயே சிறிது நேரம் இயக்கத்தை நிறுத்த நேர்ந்ததாக அப்போதைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா தெரிவித்தார். மறுநாளே இயக்குநரகம் வெளியிட்ட நடைமுறையில், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் விமானத்தை முன்கூட்டியே ரத்து செய்துவிடலாம் என்று நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்டது.

இதே காலையில் சென்னையில் என்ன நடக்கிறது? வானம் பளிச்சென்று தெளிந்திருக்கிறது. டெல்லி விமானத்தில் எல்லோரும் ஏறி, கதவும் மூடியாயிற்று. விமானம் அசையவில்லை. கேப்டன் “டெல்லியில் பனி, ஒரு மணி நேரம் ஆகும்” என்கிறார். இரண்டே முக்கால் மணி நேரம் கழித்துப் போய்ச் சேர வேண்டிய ஊரின் பனிக்காக இங்கே ஏன் நிற்க வேண்டும் என்று தோன்றும். டெல்லியில் ஓர் ஓடுபாதையில் மணிக்கு முப்பத்துச் சொச்சம் இறங்கிய இடத்தில் பதினான்குதான் இறங்கும் என்ற நிலை வந்ததுமே, நாட்டின் எல்லா ஊர்களிலிருந்தும் டெல்லிக்குக் கிளம்பும் விமானங்களுக்கு அங்குள்ள மைய ஓட்டக் கட்டுப்பாட்டு அறை புறப்பாட்டு நேரங்களைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. வானில் வட்டமடித்தால் ஏர்பஸ் 320 மணிக்கு இரண்டு டன்னுக்கு மேல் எரிபொருளைக் குடிக்கும். தரையில் நின்றால் அந்தச் செலவில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. கதவை மூடித் தயாராக இருந்தால்தான் கிடைத்த நேரத்தைத் தவறவிடாமல் பிடிக்க முடியும். அதனால்தான் முனையத்தில் உட்காரவிடாமல் உள்ளே ஏற்றி வைக்கிறார்கள்.

சென்னைக்கே உரிய பனியும் ஒன்று உண்டு. போகி விடியலில் பழைய பொருள்களைக் கொளுத்தும் புகை, மார்கழிக் கடைசியின் ஈரக்காற்றோடு சேர்ந்து மீனம்பாக்கத்தின் மேல் படியும். 2018 போகியன்று வந்த விமானங்கள் இறங்க முடியாமல் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் திரும்பின. டெல்லியின் ஓடுபாதையில் இருக்கும் கேட்-3 ஏற்பாடு அன்று சென்னையில் இல்லை. டெல்லியில் தாராளமாக இறங்கக்கூடிய அதே விமானம், அதே விமானிகள், இங்கே திரும்பிப் போனார்கள். ஆண்டில் பல இரவுகள் பனி கொட்டும் ஊருக்கு அந்தக் கருவியும் விளக்கும் பயிற்சியும் வேண்டும். ஓரிரு விடியலுக்காக அத்தனை செலவையும் செய்வதா என்பது சுலபமாகத் தீரும் கணக்கல்ல. டயரைக் கொளுத்தாமல் இருப்பதற்குச் செலவே இல்லை.

மணி 9:20. டெல்லியில் தரைதொடும் முனையின் எண் முதலில் உயர்கிறது: 75, 100, 150. நடுப்பகுதி இன்னும் 100-இலேயே நிற்கிறது. வாசலில் காத்திருந்த விமானத்தின் கேப்டன் எஞ்சின்களை மறுபடி இயக்கிவிட்டார்; துணை விமானி மடியில் எரிபொருள் கணக்கு. பின்னால் பதினொரு விமானங்கள். 9:26-க்கு நடுப்பகுதியும் 125 என்கிறது. கட்டுப்பாட்டாளர் மூன்று எண்களையும் வரிசையாகப் படிக்கிறார், சிவப்பு விளக்கு வரிசை அணைகிறது, நடுக்கோட்டுக்குப் போகும் பச்சை விளக்குகள் எரிகின்றன. ஓடுபாதையில் விமானத்தை நிறுத்திவிட்டு, கேப்டன் கண்ணாடி வழியாக எதிரே பார்த்து விளக்குகளை எண்ணுகிறார்.